தமிழ் எழுத்தா, இங்கிலீஷ் எழுத்தா? பக்கத்து ஊர்க்காரர் எதைத் தேடுகிறார்?

கேள்வி: ‘‘காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் ஏழு கிலோமீட்டர் தள்ளி எங்கள் தோட்டம் இருக்கிறது. இரண்டு வருடமாக மரச்செக்கு ஓட்டுகிறோம். கடலை சொந்த விளைச்சல். கொப்பரையும் எள்ளும் வெளியில் வாங்குகிறோம். மகள் இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறாள். ஒவ்வொரு படத்துக்கும் இருநூறு, முந்நூறு லைக் விழுகிறது. ஆனால் டெல்லியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விழும் லைக்கை வைத்து என்ன செய்வது? காங்கேயம், ஊதியூர், வெள்ளகோவில் ஆட்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் கூப்பிடுகிறார்கள். எண்ணெய் கேனில் நிற்கிறது. ஹேஷ்டேக்கைத் தமிழில் போடச் சொன்னால், ‘தமிழ்ல யாருப்பா டைப் பண்ணித் தேடறாங்க?’ என்கிறாள். யார் சொல்வது சரி?’’

- வாசகர், காங்கேயம் வட்டம்

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி, மகள் சொல்வதிலும் பாதி சரி. ஹேஷ்டேக்கையும் தேடலையும் ஒன்றாக நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

ஹேஷ்டேக் என்பது டப்பாவின் மேல் ஒட்டும் பேர் மாதிரி. #மரச்செக்கு என்று ஒட்டிய பதிவுகள் எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போகும். #marachekku என்று ஒட்டியவை வேறொரு டப்பாவுக்குள் போகும். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது அந்த டப்பாவுக்குத் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இங்கிலீஷில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டும் அது பார்க்காது. ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் டப்பா மாறிவிடும்.

கூகுள் தேடல் அப்படியல்ல. ஒருவர் ‘marachekku ennai kangeyam’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாலும், அவர் தேடுவது தமிழ்ச் சொல் என்று புரிந்துகொண்டு தமிழில் எழுதிய பக்கத்தையும் எடுத்துக்காட்ட முயலும். இந்த வசதி தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளுக்கு வரப்போவதாக 2020 டிசம்பரில் கூகுள் அறிவித்தது. கூகுள் மேப்பில் இங்கிலீஷில் மட்டும் பதிந்திருக்கும் கடைப் பெயர்களைத் தானாகவே தமிழ் எழுத்துக்கு மாற்றிக் காட்டும் ஏற்பாடு 2021 ஜனவரியில் வந்தது. ஆகவே கூகுளில் எழுத்து மாறினால் ஓரளவு சமாளித்துவிடும். ஹேஷ்டேக்கில் மாறினால் ஆள் வந்து சேரமாட்டார்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த மகள் இப்போது என்ன போடுகிறார் என்று பார்க்கலாம். இப்படிப்பட்ட செக்குப் பக்கங்களில் வழக்கமாக இருப்பவை #coldpressedoil, #healthylifestyle, #organic போன்றவைதான். இவற்றில் உலகம் பூராவும் உள்ளவர்கள் பதிவு போடுகிறார்கள். காங்கேயத்துக் கடலை எண்ணெய் அங்கே போய், வெளிநாட்டு ஆலிவ் எண்ணெய்க்கும் அழகு சோப்புக்கும் நடுவே ஒரு நிமிடம் நின்று, பிறகு கீழே இறங்கிவிடும். பார்த்தவர் யாரோ, எந்த ஊரோ, ஒரு லைக் போட்டுவிட்டுப் போவார். டெல்லி, மலேசியா லைக்குகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

‘கோல்டு பிரஸ்டு’ என்ற சொல்லில் இன்னொரு தொந்தரவும் உண்டு. இரும்பு எக்ஸ்பெல்லரில் சூடேறாமல் பிழிந்ததையும் அதே பேரில்தான் விற்கிறார்கள். வாகை மரச்செக்கில் ஆட்டியது என்பது அந்தச் சொல்லில் தெரியாது. பெங்களூருக்கோ சென்னைக்கோ கூரியரில் அனுப்பி விற்பவருக்கு அந்த இங்கிலீஷ் சொல் தேவைப்படலாம். ஏழு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு விற்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அந்த வீட்டில் யாரும் அடுப்படியில் நின்றுகொண்டு ‘கோல்டு பிரஸ்டு ஆயில் தீர்ந்துபோச்சு’ என்று சொல்வதில்லை. ‘செக்கெண்ணெய்’ என்றுதான் சொல்வார்கள்.

அந்த வீட்டில் எண்ணெய் தேடுபவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் எழுத்து அமைகிறது. ஒரே வீட்டிலேயே மூன்று விதமாகத் தேடுவார்கள். மாமியார் போனில் மைக்கை அழுத்தி, ‘‘பக்கத்துல மரச்செக்கு எண்ணெய் எங்க கிடைக்கும்’’ என்று பேசுவார். வாய்ஸ் சர்ச்சின் மொழி தமிழில் இருந்தால் அவர் பேசியது தமிழ் எழுத்தாகவே விழும். அவர் ஒரு எழுத்துகூட டைப் செய்யவில்லை; ஆனாலும் தமிழில் தேடிவிட்டார். மருமகள் தமிழ் நன்றாகப் படிப்பார். ஆனால் போனில் இருப்பது இங்கிலீஷ் கீபோர்டு. அதனால் ‘chekku ennai’ என்று அடிப்பார். பேரன் ‘wood pressed oil near me’ என்று அடிப்பான். ‘தமிழ்ல யார் டைப் பண்ணித் தேடறாங்க’ என்று மகள் கேட்டது மருமகளையும் பேரனையும் மட்டும் மனதில் வைத்து. எண்ணெய் வாங்க முடிவு எடுப்பவர் பல வீடுகளில் மாமியார்.

எது அதிகம் என்று ஊகித்துச் சண்டை போட வேண்டியதில்லை. விடை ஏற்கெனவே அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களைத் திறந்து பார்த்தாலே போதும். உள்ளூர் வாடிக்கையாளர் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுக் குறிக்க வேண்டும். ‘கடலை எண்ணெய் இருக்கா’ என்று தமிழ் எழுத்தில் எழுதியவர் ஒரு கட்டம். ‘kadalai ennai 2 ltr venum’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியவர் இரண்டாவது கட்டம். ‘groundnut oil price?’ என்று இங்கிலீஷிலேயே கேட்டவர் மூன்றாவது. குரல் பதிவு அனுப்பியவர் நான்காவது. குரல் பதிவு அனுப்புகிறவர் தேடும்போதும் மைக்கைத்தான் அழுத்துவார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அவரைத் தமிழ் எழுத்துப் பக்கம் சேர்ப்பது தப்பில்லை. ஐம்பது, அறுபது பேரின் சேதியைப் பார்த்தாலே அந்தப் பகுதியின் வாடை தெரிந்துவிடும். ஊர் தெரியாதவர், கூரியர் கேட்டவர் எல்லாரையும் விட்டுவிட வேண்டும். இந்தக் கணக்கு உள்ளூருக்கு மட்டும்.

அதே நேரம், எந்த எழுத்துக்கூட்டல் என்பதையும் அப்படியே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். உண்மையில் இதுதான் எழுத்தைவிடப் பெரிய பிரச்னை. இங்கிலீஷ் எழுத்தில் ennai, enney, yennai என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். marachekku, mara chekku, marachekk என்று செக்கும் பல ரூபம் எடுக்கும். ‘ழ’ வரும் பொருளை விற்பவர் பாடு இன்னும் மோசம். நாட்டுக்கோழி விற்பவர் nattu kozhi, naatu koli, nattukoli என்று எத்தனை டப்பாவில்தான் ஒட்டுவார்?

தமிழ் எழுத்தில் போட்டால் ஒரே எழுத்துக்கூட்டல்தானே என்று நினைப்பதும் சரியில்லை. ‘எண்ணெய்’ என்பதே சரி. ஆனால் ஊரில் பாதி போர்டில் ‘எண்ணை’ என்றுதான் இருக்கிறது. ‘மரச்செக்கு’ என்று ஒற்று போடுபவர் ஒருவர் என்றால், ‘மரசெக்கு’ என்று விட்டுவிடுபவர் இன்னொருவர். ஹேஷ்டேக்குக்கு இவை தனித்தனி டப்பா. இதற்கு மேல் வட்டார வழக்கு வேறு. கொங்குப் பக்கம் கடலைக்காய் என்பதை விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். வேறு பக்கங்களில் வேர்க்கடலை, நிலக்கடலை. காங்கேயத்தில் விற்பவர் ‘மல்லாட்டை’ போட வேண்டியதில்லை. திண்டிவனத்தில் விற்பவர் அதைப் போடாமல் விட்டால் அக்கம்பக்கத்து ஆட்களை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொரு சின்ன விஷயம், நிறையப் பேர் கவனிப்பதில்லை. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். #காங்கேயத்தில் என்று எழுதினால் அது #காங்கேயம் டப்பாவில் சேராது. வாக்கியத்தின் நடுவே ஹேஷ்டேக் போடும் பழக்கம் தமிழுக்கு ஒத்துவராததற்கு இதுவே காரணம். வாக்கியத்தைச் சாதாரணமாக எழுதிவிட்டு, ஹேஷ்டேக்கைக் கடைசியில் உருபு இல்லாமல் தனியாகப் போட வேண்டும். இடைவெளி விடக் கூடாது, கோடு, புள்ளி எதுவும் கூடாது. ‘#கடலை எண்ணெய்’ என்று இடம் விட்டால் #கடலை மட்டும்தான் ஹேஷ்டேக் ஆகும்; அது சுண்டல் படங்களோடு போய் நிற்கும். போட்டபின் முழுச் சொல்லும் நீல நிறத்தில் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பாதியில் நிறம் நின்றால் அந்த இடத்தில் ஏதோ உடைந்திருக்கிறது.

இத்தனை சொல்லிலும் உள்ளூர் ஆளைக் கூட்டி வருவது உண்மையில் பொருளின் பேர் இல்லை, ஊரின் பேர்தான். ‘மரச்செக்கு’ என்று மட்டும் போட்டால் தமிழ்நாடு பூராவும் உள்ள செக்குகளோடு போட்டி. ‘காங்கேயம்’ சேர்ந்தால் போட்டி சில கடைகளோடு சுருங்கிவிடும். ஊர்ப் பேரைப் பொறுத்தவரை இங்கிலீஷ் எழுத்துக்கு வலு அதிகம். ஸ்டேட்டஸ், ஊர்க் குழுக்களின் பேர் என்று போனில் இங்கிலீஷ் எழுத்திலேயே பார்த்துப் பழகிவிட்டார்கள். தமிழில் நன்றாக எழுதுகிறவர்கூட ஊரை மட்டும் kangeyam என்று அடிப்பார்.

அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. Kangeyam, Kangayam இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. தமிழிலேயே காங்கேயம், காங்கயம் என்று இரண்டு உண்டு. ஊர்ப் பேரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதில் அரசாங்கமே தடுமாறியிருக்கிறது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி 1018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூனில் அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே சரியான எழுத்துக்கூட்டல் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜனங்கள் அடிப்பது எதுவோ அதைப் போட வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டையும் போட வேண்டும்.

அப்படியானால் அந்தக் குடும்பம் எழுத வேண்டிய பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும். விலையை அன்றன்று போட்டுக்கொள்ளலாம்.

```
இன்று ஆட்டிய கடலை எண்ணெய். வாகை மரச்செக்கு.
காங்கேயம் - தாராபுரம் ரோடு. லிட்டர் ரூ. ___
Marachekku kadalai ennai, Kangeyam (Kangayam).
#மரச்செக்கு #கடலைஎண்ணெய் #காங்கேயம்
#kangeyam #marachekku
```

ஹேஷ்டேக் ஐந்துதான். முப்பது போட்டால் முப்பது மடங்கு ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். ஹேஷ்டேக்கால் பெரிதாகப் பரவல் கூடுவதில்லை என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பதிவின் மேலே உள்ள மூன்று வரிகளுக்குத்தான் அதிக வேலை. இன்ஸ்டாகிராமில் தேடும்போது பதிவில் எழுதிய சொற்களும் பார்க்கப்படும். அதனால்தான் கமென்ட்டில் எழுதாமல் பதிவிலேயே எழுதச் சொல்கிறார்கள். ஒரு வரி தமிழ் எழுத்து, ஒரு வரி இங்கிலீஷ் எழுத்து என்று போட்டுவிட்டால் மாமியார், மருமகள் இருவருக்கும் கதவு திறந்திருக்கும்.

இன்ஸ்டாகிராமில் இதைவிடப் பெரிய இடம் ஒன்றைப் பலர் காலியாக விடுகிறார்கள். கணக்குக்கு இரண்டு பேர் உண்டு. ஒன்று யூசர்நேம், அதில் இங்கிலீஷ் எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு தவிர வேறெதுவும் ஏறாது. இன்னொன்று அதன் பக்கத்தில் வரும் Name; அதில் தமிழ் எழுத்து தாராளமாக ஏறும், தேடலிலும் அகப்படும். யூசர்நேமில் பண்ணையின் பேர் இங்கிலீஷில் இருக்கட்டும். Name கட்டத்தில் ‘மரச்செக்கு எண்ணெய் காங்கேயம்’ என்று இருக்கட்டும். பதினான்கு நாளில் இரண்டு முறைதான் இதை மாற்ற முடியும் என்பதால் எழுத்துப் பிழை பார்த்துப் போட வேண்டும்.

இனி கூகுள் மேப்புக்கு வரலாம். உள்ளூர் ஆள் பணத்தோடு புறப்பட்டு வரும் வழி இதுதான். லைக் போட அல்ல, வழி கேட்கவே அங்கே வருகிறார். ஆனால் இங்கே விதி வேறு. கடைப் பேர் கட்டத்தில் கடையின் உண்மையான பேர் மட்டும்தான் இருக்க வேண்டும். போர்டில் இல்லாத ‘மரச்செக்கு எண்ணெய் காங்கேயம் பெஸ்ட் ஆயில்’ என்பதையெல்லாம் பேரோடு சேர்த்துக்கொண்டே போனால் கூகுள் அந்தப் பதிவையே நிறுத்திவைக்கலாம். இன்ஸ்டாகிராமில் செய்ததை அப்படியே இங்கே செய்யக் கூடாது. போர்டிலேயே ‘மரச்செக்கு’ என்று எழுதியிருந்தால் அது தாராளமாக வரலாம். புதிதாகப் போர்டு எழுதப் போகிறவர்கள் இதை யோசித்து எழுதுவது நல்லது.

தேடுசொல் போக வேண்டிய இடம் விவரக் கட்டம். அதற்கு 750 எழுத்து வரை இடம் உண்டு. தமிழில் எழுதும்போது ‘செ’ என்பது ஒற்றைக்கொம்பும் எழுத்துமாக இரண்டாகக் கணக்காகும். அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடும். என்னென்ன எண்ணெய், எந்த ரோடு, எத்தனை மணி வரை என்பதைத் தமிழில் ஒரு பத்தி, இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதினால் போதும். இதற்கு மேல் பலன் தருவது வாடிக்கையாளர் எழுதும் கருத்து. ‘குட்’, ‘சூப்பர்’ என்பதைவிட, ‘இங்கே கடலெண்ணெய் வாங்கினோம், நன்றாக இருந்தது’ என்று அவரவர் பாஷையில் எழுதச் சொன்னால் பொருளின் பேர் அவர்கள் வாயாலேயே வந்துவிடும். காசு கொடுத்தோ எண்ணெய் இனாம் கொடுத்தோ எழுத வைப்பது கூகுளின் விதிக்கு மாறானது.

கூகுளின் கணக்கில் இருக்கும் இன்னொரு வசதிதான் அப்பா, மகள் வாதத்துக்கு நேரான சாட்சி. கடையின் ஜிமெயில் கணக்கில் இருந்துகொண்டு பிசினஸ் பதிவைத் திறந்து, Performance என்ற இடத்தை அழுத்தினால், எந்தெந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு இந்தக் கடை காட்டப்பட்டது என்று மாத வாரியாகப் பட்டியல் வரும். தமிழ் எழுத்தில் தேடியது தமிழிலேயே இருக்கும், இங்கிலீஷில் தேடியது இங்கிலீஷிலேயே இருக்கும். மிகக் குறைவாகத் தேடப்பட்ட சொல்லுக்குச் சரியான எண்ணிக்கை வராது. 15-க்குக் கீழ் என்று மட்டும் காட்டும். கிராமத்துக் கடைக்குப் பல சொற்கள் அப்படித்தான் இருக்கும். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். எந்த எழுத்துக்கூட்டல்கள் பட்டியலில் இருக்கின்றன என்பதே பெரிய தகவல்.

தேடிச் சோதித்துப் பார்க்கும்போது எல்லாரும் ஒரு காரியம் செய்கிறார்கள். செக்கு ஓடும் கொட்டகையிலேயே நின்றுகொண்டு ‘marachekku’ என்று அடித்துப் பார்த்து, ‘நம்ம கடைதான் முதல்ல வருது’ என்று சந்தோஷப்படுகிறார்கள். மேப் தூரத்தைக் கணக்கில் எடுக்கும். கொட்டகையில் நின்றால் அந்தக் கொட்டகைதான் முதலில் வரும். வெள்ளகோவிலில் இருக்கும் அத்தை வீட்டுக்கோ, காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் மச்சானுக்கோ போன் போட்டு, ‘மரச்செக்கு எண்ணெய்’, ‘marachekku ennai’, ‘chekku oil’ மூன்றையும் அவர்கள் போனில் தேடச் சொல்ல வேண்டும். ஒருமுறை மைக்கில் பேசியும் தேடச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லுக்குக் கடை வரவில்லையோ அந்தச் சொல் விவரத்தில் விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சேர்க்கலாம். சேர்த்த மறுநாளே மாற்றம் தெரியாது. சில வாரம் பொறுக்க வேண்டும்.

கடைசியாக, இன்ஸ்டாகிராமில் எந்த எழுத்து ஆள் கூட்டுகிறது என்று அளக்கவும் வழி இருக்கிறது. இரண்டு வாரம் தமிழ் எழுத்து ஹேஷ்டேக் மட்டும், அடுத்த இரண்டு வாரம் இங்கிலீஷ் எழுத்து ஹேஷ்டேக் மட்டும் போட்டுப் பார்க்கலாம். படம், நேரம், மேலே உள்ள வரிகள் எதையும் மாற்றக் கூடாது. முதல் பதிவுகளின் கீழே ‘வாட்ஸ்அப்பில் 1 என்று அனுப்பவும்’ என்றும், அடுத்தவற்றில் ‘2 என்று அனுப்பவும்’ என்றும் எழுதிவைத்தால் யார் எதைப் பார்த்து வந்தார் என்பது சொல்லாமலே தெரியும். எண்ணை மறந்துவிட்டுக் கூப்பிடுகிறவரிடம், ‘‘எதைப் பார்த்துட்டுக் கூப்பிடறீங்க?’’ என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நோட்டைப் படிப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நான்கு வாரத்தில் முப்பது புது ஆட்கள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பதிமூன்று பேர் மேப்பில் பார்த்தவர்கள், பத்துப் பேர் தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள், ஏழு பேர் இன்ஸ்டாகிராம். அந்த ஏழில் நான்கு பேர் 1, மூன்று பேர் 2 என்றால், தமிழ் ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஆள் வித்தியாசம் வித்தியாசமே இல்லை. பதினொன்றுக்கு இரண்டு என்று வந்தால் பேசலாம். இடையில் தீபாவளி வந்தால் அந்த வாரக் கணக்கு எதற்கும் உதவாது. பலகாரத்துக்கு எண்ணெய் தேடுபவர் எந்த எழுத்தில் போட்டிருந்தாலும் தேடிக்கொண்டு வருவார். அந்த நோட்டில் லைக் எண்ணிக்கைக்குக் கட்டமே வேண்டாம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகிறது. கேனில் நின்று காறல் அடித்துவிட்டால் அத்தனையும் நஷ்டம். எத்தனை லிட்டர் போயிற்று என்ற கட்டம்தான் வேண்டும்.

மேலே சொன்ன எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனாலும் மேப் வழியே வருபவர் அதிகமாகவும், ஹேஷ்டேக் வழியே வருபவர் குறைவாகவும் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உள்ளூர் வியாபாரத்தில் பொருளின் பேரைத் தமிழ் எழுத்திலும், ஊரின் பேரை இங்கிலீஷ் எழுத்திலும் முதலில் வைத்து, மற்ற எழுத்தை இரண்டாவதாக வைப்பதே பொருத்தம். வெறும் இங்கிலீஷ் சொற்களான அந்த #healthylifestyle வகையறாவை இன்றே எடுத்துவிடலாம். அதற்குப் பரிசோதனை தேவையில்லை.

கேள்வி: ‘‘பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்த நோட்டீஸ் வாசகத்தை அப்படியே ஃபேஸ்புக்கில் ஒட்டினேன். kur;nrf;F என்று ஏதோ வருகிறது. போன் கோளாறா?’’

- வாசகர், சென்னிமலை

பதில்: போனில் கோளாறு இல்லை. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் ‘மரச்செக்கு’ என்று தெரிவது, உள்ளே இங்கிலீஷ் எழுத்துகளாகவே இருக்கும். வெளியே எடுத்தால் இப்படித்தான் காட்டும், எந்தத் தேடலிலும் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி அச்சகத்திலேயே கேட்கலாம். நான்கு வரிதான் என்றால் போனில் தமிழ் கீபோர்டு வைத்தோ, மைக்கில் பேசியோ அடித்துக்கொள்வது சுலபம். நோட்டீஸைப் படமாக மட்டும் போடுவோருக்கும் இதே கதிதான். படத்துக்குள் இருக்கும் எழுத்து ஹேஷ்டேக் ஆகாது. படத்தோடு கூடவே பொருள், ஊர், போன் நம்பர் மூன்றையும் எழுத்தாகவும் அடிக்க வேண்டும்.

கேள்வி: ‘‘யூடியூபில் செக்கு ஓடும் வீடியோ போடுகிறோம். டேக் கட்டத்தில் இருபது, முப்பது சொல் போட்டால் நல்லதா?’’

- வாசகி, வெள்ளகோவில்

பதில்: அந்தக் கட்டத்தால் பெரிய லாபம் இல்லை. அடிக்கடி தப்பும் தவறுமாக அடிக்கப்படும் பேர்களுக்குத்தான் அது உதவும் என்று யூடியூபே சொல்கிறது. ஆகவே marachekku, mara chekku, chekku ennai, yennai போன்ற எழுத்துக்கூட்டல்களைப் போட அது நல்ல இடம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தலைப்பில் முதல் பாதி தமிழ் எழுத்திலும், அடுத்து ஊர்ப் பேர் இங்கிலீஷ் எழுத்திலும் இருந்தால் சரியாக இருக்கும். போனில் தலைப்பு முழுதும் தெரியாமல் வெட்டிவிடும் என்பதால் ‘எங்கள் வீட்டுச் செக்கில் ஒரு நாள்’ என்று தொடங்காமல், ‘மரச்செக்கு கடலை எண்ணெய், Kangeyam’ என்றே தொடங்க வேண்டும். வீடியோவுக்குக் கீழே விவரத்தில் போடும் ஹேஷ்டேக்குகளில் சில தலைப்பின் அருகிலேயே தெரியக்கூடும். அறுபதுக்கு மேல் போட்டால் யூடியூப் அத்தனையையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்.